வட்டிச் சான்றிதழா, ஸ்டேட்மெண்டா: வரிக்கழிவுக்கு எந்தத் தொகையை எடுப்பது?

எங்கள் வீட்டில் வீட்டுக்கடனும் உண்டு, மகனின் கல்விக்கடனும் உண்டு. பழைய வரி முறையில் இருப்பதால் இரண்டின் வட்டியையும் காட்டுகிறேன். வீட்டுக்கடனுக்குச் சான்றிதழை நம்புகிறேன், கல்விக்கடனுக்கு ஸ்டேட்மெண்டைத்தான்.

வீட்டுக்கடனை முதலில் முடித்துவிடலாம். 24(b) பிரிவில், அந்த ஆண்டுக்குரிய வட்டி கட்டப்படாமல் நின்றாலும் கணக்கில் வரும். நாமே குடியிருக்கும் வீட்டுக்கு உச்சவரம்பு 2 லட்சம். எனவே ஏப்ரல் முதல் மார்ச் வரை ஸ்டேட்மெண்டில் பற்று வைத்த வட்டியைக் கூட்டினால் சான்றிதழ்த் தொகை வரவேண்டும். வராவிட்டால், கையில் இருப்பது ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கிய தற்காலிகச் சான்றிதழா என்று பாருங்கள். நடுவில் அசலில் ஒரு பகுதியை அடைத்திருந்தாலோ வட்டி விகிதம் மாறியிருந்தாலோ அந்தத் தொகை நிற்காது. ஏப்ரலில் இறுதிச் சான்றிதழ் வாங்கினால் போதும்.

கல்விக்கடன் அப்படி இல்லை. 80E பிரிவில் அந்த ஆண்டில் உண்மையிலேயே கட்டிய வட்டிக்குத்தான் கழிவு. உச்சவரம்பு இல்லை, அசலுக்குக் கழிவும் இல்லை.

ஒரு கணக்கு பார்ப்போம். கடன் 4,80,000 ரூபாய், வட்டி 10 சதவீதம், பிள்ளை இன்னும் படிக்கிறான். தனிவட்டியாக மாதம் 4,000 வீதம் ஆண்டுக்கு 48,000 பற்றில் ஏறும். அப்பா ஒன்பது மாதம் மட்டும் வட்டி கட்டியிருக்கிறார். வரவுப் பக்கம் 36,000. சான்றிதழில் 'விதித்த வட்டி 48,000' என்று அச்சாகி வந்தாலும் கழிவு 36,000-க்குத்தான். மீதி 12,000 எந்த நிதியாண்டில் கட்டப்படுகிறதோ அந்த ஆண்டுக் கணக்கில் சேரும்.

ஆகவே சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, அதன் மேல் இருக்கும் தலைப்பை: விதித்ததா, கட்டியதா? விதித்தது என்றிருந்தால், வரவுப் பதிவுகளைக் குறித்த ஸ்டேட்மெண்டோடு கிளைக்குப் போய், கட்டிய வட்டிக்குத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மார்ச் 31-ல் பற்றான வட்டியை ஏப்ரல் 5-ல் கட்டியிருந்தால் அது அடுத்த ஆண்டுக் கணக்கு. கடனோடு சேர்த்துப் பற்று வைத்த காப்பீட்டு பிரீமியம் வட்டியே அல்ல, அதைக் கழித்துவிடுங்கள்.

அப்புறம், வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகளுக்குத்தான் இந்தக் கழிவு. படிக்கும்போதே கொஞ்சம் வட்டி கட்டினாலும் அந்த எட்டு அப்போதே ஓடத் தொடங்கிவிடும். இருந்தாலும் நான் கட்டியே வருகிறேன், வட்டி சேர்ந்து அசலில் ஏறுவதைவிட அது மேல்.

நடுவில் வேறு வங்கிக்கு மாற்றிய கடனில் எனக்கு அனுபவம் இல்லை. அங்கே இரண்டு வங்கிகளின் ஸ்டேட்மெண்டையும் வைத்துப் பார்க்காமல் தொகை போட வேண்டாம் என்பேன்.