சீருடைத் துணியில் 8,470 ரூபாய் போச்சு: கத்தரியை எடுப்பதற்கு முன் படித்துவிடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "தொலையட்டும்" என்று விட்டுவிடுகிற ஆள் நான். இந்த முறை விடுவதாக இல்லை.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் 11 பிள்ளைகளுக்கு, ஆளுக்கு இரண்டு செட் என்று சீருடை தைக்க ஒப்புக்கொண்டிருந்தேன். இளநீலத்தில் கட்டம் போட்ட சட்டை, கருநீலக் கால்சட்டை. இங்கே வாங்குவதைவிட மீட்டருக்குப் பத்து, பதினைந்து ரூபாய் குறையும் என்று சொன்னதால் புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன். மொத்த விலைக்குக் கொடுக்கிற துணிக்கடை ஒன்று. பெயர் வேண்டாம்.

அந்தக் கடைக்காரர் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. "அக்கா, நீங்கள் தையல்காரர், உங்களை ஏமாற்ற முடியுமா?" என்று ஆரம்பித்தார். மாதிரிப் புத்தகத்தைப் பிரித்து ஒரு துண்டை என் கையில் கொடுத்தார். டெரிகாட்டன், பாலியெஸ்டர் 67, பருத்தி 33, மில் சரக்கு என்றார். தொட்டுப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெசவு நெருக்கமாக, கட்டம் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருந்தது. நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த துணி என்று பார்த்ததுமே தெரிந்தது. கால்சட்டைத் துணியை விரித்து, தன் வெள்ளைக் கைக்குட்டையால் நாலு முறை அழுத்தித் தேய்த்துக் காட்டினார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. "பாருங்கள் அக்கா, சாயம் நகராது." நான் தலையாட்டினேன். உலர்ந்த துணியில் உலர்ந்த கைக்குட்டையைத் தேய்த்தால் மட்டமான சாயம்கூடப் பெரும்பாலும் நகராது என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சட்டைக்கு 27.5 மீட்டர், மீட்டர் 140 ரூபாய்: 3,850. கால்சட்டைக்கு 22 மீட்டர், மீட்டர் 210 ரூபாய்: 4,620. ஆக 8,470 ரூபாய். எண்ணிக் கொடுத்தேன். உள்ளேயிருந்து வேறொரு பையன் மடித்துக் கட்டிக் கொண்டுவந்தான். கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. மாதிரித் துண்டை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த ஒரு புத்தியாவது இருந்தது.

பருத்தியாக இருந்திருந்தால் வழக்கம்போல முதல் நாள் இரவே ஊறவைத்து, நிழலில் காயவைத்து, அயர்ன் செய்துதான் வெட்டியிருப்பேன். டெரிகாட்டனுக்கு அது தேவைப்படாது, சுருக்கம் மிகக் குறைவு. அவருடைய "67-33" என்ற ஒரு சொல்லை நம்பித்தான் ஊறவைக்காமல் வெட்டினேன். 22 சட்டையும் தைத்து, காஜா எடுத்து, பட்டன் வைத்துக் கொடுத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தாய் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஒரே ஒரு துவைப்பு. 24 அங்குலம் வைத்துத் தைத்த உயரம் 22½ ஆகியிருந்தது. தோள், மார்பு அகலம் பெரிதாக மாறவில்லை. தறியில் இழுத்துக் கட்டப்படுவது பாவு நூல்தான், தண்ணீர் பட்டதும் அதுதான் தளர்ந்து சுருங்கும். சட்டையில் பாவு உயரவாக்கில் ஓடுகிறது. காலரைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. உள்ளே வைத்த கேன்வாஸ் சுருங்கவில்லை, மேல்துணி சுருங்கிவிட்டது. காலர் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக நின்றது. பட்டன் பட்டியில் தையல் நெடுக நெளிநெளியாக இருந்தது. அயர்ன் பெட்டியை எவ்வளவு அழுத்தினாலும் அது நேராகாது. போதாததற்குக் கால்சட்டையோடு ஒரே வாளியில் ஊறவைத்ததில், இளநீலத்தில் கருநீலத் திட்டுகள்.

மீதித் துண்டில் 20 அங்குலச் சதுரம் குறித்துத் துவைத்தேன். நீளம் 18¾, அகலம் 19½. பிறகு மாதிரித் துண்டிலிருந்து ஒரு நூல், கட்டிலிருந்து வந்த துணியில் ஒரு நூல் உருவி, இடுக்கியில் பிடித்து விளக்கில் காட்டினேன். மாதிரி நூல் உருகி, நுனியில் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக இறுகியது. என்னிடம் விற்ற நூல் காகிதம் கருகும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலானது. முழுப் பருத்தி, அதுவும் சுருக்கம் எடுக்காதது! பருத்தியைக் குறை சொல்லவில்லை, நம் ஊர் வெயிலுக்குப் பிள்ளைகளுக்கு அதுதான் சுகம். பருத்தி என்று சொல்லி விற்றிருந்தால் ஊறவைத்திருப்பேனே! துவைத்த துணியை வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை. கஞ்சி போட்டு நெருக்கமாகக் காட்டியிருக்கிறார்கள். துவைக்காத துண்டை இரண்டு கைகளாலும் கசக்கியபோது வெள்ளைப் பொடி கொட்டியது.

திங்கட்கிழமை இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் புதுச்சேரிக்குப் போனேன். "அக்கா" எல்லாம் போய் "என்னம்மா" ஆகிவிட்டது. "கடலூர் உப்புத் தண்ணீரம்மா, துணி என்ன செய்யும்?" தண்ணீர் எப்படியிருந்தாலும் பாலியெஸ்டர் பருத்தியாக மாறுமா என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. "வெட்டிய துணியைத் திரும்ப எடுப்பதில்லை." துவைக்காமல், வெட்டாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் பதில் இல்லை. "கால்சட்டையைக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள், சாயம் பிடித்துக்கொள்ளும்." சாயத் தொட்டியில் உப்புப் போடுவது நூல் சாயத்தை இழுத்துக்கொள்வதற்காக. பிடிக்காமல் விட்ட சாயத்தை வீட்டு உப்பு பிடிக்க வைக்காது. இருந்தும் ஊறவைத்துப் பார்த்தேன். மூன்றாவது துவைப்பிலும் வாளித் தண்ணீர் நீலம். முதல் துவைப்பில் கொஞ்சம் போனால் ஒட்டியிருந்த மிச்சம் என்று விடலாம், மூன்றாவதிலும் போனால் சாயம் நூலைப் பிடிக்கவே இல்லை.

முதலாளி ஊரில் இல்லை, வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள். ரசீதை எடுத்து நீட்டியபோதுதான் கவனித்தேன். 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, துணி வகை இல்லை, "சட்டை, பேன்ட்" என்று மட்டும் கிறுக்கியிருந்தது. 8,470 ரூபாய்க்கு ஒரு கிறுக்கல்! என் தையல் கூலியை இதில் சேர்க்கவே இல்லை. பெற்றோரிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இவ்வளவுதான் சொல்ல முடிகிறது: வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, ஈரத்தோடு தேய்த்துப் பாருங்கள். மாதிரியில் அல்ல, உங்களுக்கு அளந்து வெட்டுகிற துணியில். அதன் ஓரத்தில் ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். முதலில் அரை மீட்டர் மட்டும் வாங்கி, அளந்து குறித்துத் துவைத்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். கலப்பு விகிதத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். அந்த 'எஸ்டிமேட்' சீட்டையும், எரித்த இரண்டு நூல்களின் மிச்சத்தையும் ஒரு காகித உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை மறுபடி போகிறேன்.