பதினோரு கல், பன்னிரண்டு பவுண்டு

ஐந்து வருடங்களுக்குப் பிறகு சிங்கப்பூருக்கு வந்ததும் அம்மா முதலில் சொன்னது, "உடம்பை ஒரு தடவை முழுசாப் பார்த்துடு." தோ பாயோவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள மருந்தகத்தில் பரிசோதனைக்குப் பதிவு செய்தேன். படிவத்தை முதல் நாளே கைப்பேசியில் நிரப்பி அனுப்பிவிடலாம். எடை என்ற கட்டத்துக்கு வந்தபோதுதான் சிக்கல். அது கிலோவில் கேட்டது. லண்டன் வீட்டுத் தராசு ஸ்டோனிலும் பவுண்டிலும்தான் காட்டும். கிளம்பும் முன் பார்த்த என் எடை 11 ஸ்டோன் 12 பவுண்டு.

கைப்பேசியில் 11.12 ஸ்டோன் என்று தட்டினேன். 70.6 கிலோ என்று வந்தது. அதையே எழுதி அனுப்பினேன்.

மறுநாள் தாதி என்னைத் தராசில் நிற்க வைத்துவிட்டுப் படிவத்தையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் 75.5. "அக்கா, சமீபத்துல எடை ஏறிடுச்சா? அஞ்சு கிலோ கூட இருக்கே" என்றார். வீட்டில் பார்த்ததைச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டு, காகிதத்தில் பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஒரு ஸ்டோனுக்கு 14 பவுண்டு. அதனால் பவுண்டு எண் 0 முதல் 13 வரை போகும், 14 ஆனால் அடுத்த ஸ்டோன். புள்ளி வைத்து எழுதும் பத்தின் கணக்கு அங்கே செல்லாது. நான் தட்டிய .12 என்பது 12 பவுண்டு இல்லை, ஒரு ஸ்டோனில் நூற்றில் 12 பங்கு, அதாவது இரண்டு பவுண்டுகூட இல்லை. சரியான வழி, முதலில் எல்லாவற்றையும் பவுண்டாக்குவது: 11 × 14 = 154, அதோடு 12 சேர்த்தால் 166. ஒரு பவுண்டு 0.4536 கிலோ. பெருக்கினால் 75.3. சட்டை, பேண்டோடு நின்றதால் மருந்தகத் தராசு கொஞ்சம் கூடக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கு சரியா என்று மனத்திலேயே பார்க்கலாம். பவுண்டைப் பாதியாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். 166-க்குப் பாதி 83, அதில் 8.3 போனால் 74.7. துல்லியம் இல்லை, ஆனால் 70.6 தப்பு என்று சொல்லப் போதும்.

என் கணவருக்கு 12 ஸ்டோன் 4 பவுண்டு. அதை 12.4 என்று தட்டினால் 78.7 வரும், உண்மையில் 78. முக்கால் கிலோகூட வித்தியாசம் இல்லாததால் யார் கண்ணிலும் படாது. பவுண்டு 10, 11, 12, 13 ஆக இருக்கும்போதுதான் எடை இப்படிக் கிலோக்கணக்கில் குறைந்துவிடுகிறது.

என் உயரம் 165 செண்டிமீட்டர். 70.6 கிலோவுக்கு உடல் எடைக் குறியீடு 25.9, 75.3-க்கு 27.7. ஆசியர்களுக்கு இங்கே 27.5-லிருந்து அதிக ஆபத்துப் பிரிவு. தாதி என்னை நிறுத்துப் பார்க்காமல் படிவத்தை நம்பியிருந்தால் நான் ஒரு படி கீழே போயிருப்பேன். மருத்துவர் சர்க்கரையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியிருப்பாரா என்று தெரியாது.

லண்டன் தராசின் அடியில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. தொலைபேசியில் கணவரிடம் சொல்லி அன்றே கிலோவுக்கு மாற்றச் சொன்னேன்.