பெயர் முதலிலா, பதிவெண் முதலிலா: ஒரு கல்லூரிக் கடிதத்தின் இரண்டு வரைவுகள்

மாணவர்கள் அசைன்மென்ட்களைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்பும் முறை குறித்துக் கல்லூரி அலுவலகம் எழுதவிருக்கும் கடிதத்துக்கு இரண்டு வரைவுகள் என் பார்வைக்கு வந்தன. முதல் வரைவு கோப்பின் பெயரில் மாணவரின் பெயரை முதலில் வைத்து, கோப்பின் அளவு 2 எம்பியைத் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டாம் வரைவு பதிவெண்ணை முதலில் வைத்து, பக்கம் ஒன்றுக்கு 400 கேபி என அளவை வரையறுக்கிறது. இரண்டின்படியும் ஒரே மாணவியின் கோப்பு இப்படி அமையும்:

```
Priya_Assignment2.pdf
22MAT031_MA301_A02.pdf
```

முதல் வடிவம் படிக்க எளிது. திறக்காமலே யாருடையது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். ஆனால் நம் ஊர்ப் பெயர்களில் முதலெழுத்துக்கு நிலையான இடம் கிடையாது. ஒரே மாணவி வருகைப் பதிவேட்டில் எஸ். பிரியாவாகவும், கோப்பில் பிரியா எஸ் ஆகவும், மின்னஞ்சலில் வெறும் பிரியாவாகவும் இருப்பார். அறுபது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு பிரியாக்கள் இருந்து, இருவரும் முதலெழுத்தை விட்டுவிட்டால், ஒரே கோப்புறையில் சேமிக்கும்போது ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டு, முதலில் வந்தது காணாமற்போகக்கூடும். பதிவெண் இப்படி மாறுவதில்லை. கோப்புப் பெயரின் அகர வரிசையில் அடுக்கினாலே கோப்புகள் வருகைப் பதிவேட்டின் வரிசையில் நின்றுவிடும். 030-க்கு அடுத்து 032 இருந்தால் அனுப்பாதவர் யார் என்பது கண்ணில் படும். எண்களுக்கு முன்னால் சுழியம் இடச் சொல்வதும் இதற்காகவே. A2, A10 என்று எழுதினால், எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும் மென்பொருள்களில் பத்தாவது அசைன்மென்ட் இரண்டாவதுக்கு முன்னால் போய் நிற்கும். பெயரிடும் விதியில் இரண்டாம் வரைவே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அளவு பற்றிய விதியில் வேறுபாடு இன்னும் ஆழமானது. கையால் எழுதிய 12 பக்க அசைன்மென்ட்டை எடுத்துக்கொள்வோம். கைபேசிப் படம் ஒன்று 3 எம்பி என்றால், அப்படியே கோத்த கோப்பு 36 எம்பி ஆகும். அதை மின்னஞ்சலில் இணைக்கவே முடியாது. அதே பக்கங்களை ஸ்கேனர் செயலியில், கறுப்பு வெள்ளைச் சாயல்களாக, 150 டிபிஐ அளவில், அதாவது அங்குலத்துக்கு 150 படப்புள்ளிகளாக, எடுத்தால் ஒரு பக்கம் பெரும்பாலும் 300 கேபிக்குள் அடங்கும். மொத்தம் மூன்றரை எம்பி அளவில் நிற்கும். இரண்டாம் வரைவு இதை 4.8 எம்பி வரை ஏற்கிறது. முதல் வரைவோ பக்கத்துக்கு ஏறத்தாழ 170 கேபிதான் தருகிறது. மாணவர் என்ன செய்வார்? இணையத்தில் கிடைக்கும் சுருக்கும் தளம் ஒன்றில் ஏற்றி, மிகக் குறைந்த தரத்தைத் தேர்ந்தெடுப்பார். அது 72 டிபிஐ வரை இறங்கினால், பேனாவால் வைத்த அரை மில்லிமீட்டர்ப் புள்ளிக்கு ஒன்று அல்லது இரண்டு படப்புள்ளிகளே மிஞ்சும். 150 டிபிஐயில் மூன்று கிடைக்கும். தமிழ்த்துறை மாணவரின் தாளில் ‘க்’ என்பது ‘க’ ஆகத் தெரிவதும், கணிதத் தாளில் அடுக்கெண் வெறும் கறையாக நிற்பதும் இதனால்தான். மொத்த அளவுக்கு வரம்பு வைக்கும்போது அதிகப் பக்கம் எழுதியவரின் தாள்தான் அதிகம் மங்குகிறது. பக்கக் கணக்கில் அந்தக் குறை இல்லை. அனுப்புமுன் 200 சதவீதம் பெரிதாக்கி, புள்ளிகள் தனியே தெரிகின்றனவா என்று பார்க்கும்படி ஒரு வரி சேர்த்தால் போதும்.

கோப்பு வடிவத்தில் மட்டும் முதல் வரைவை விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டாம் வரைவு ‘பிடிஎஃப் மட்டும்’ என்று இரண்டே சொற்களில் நிறுத்திக்கொள்கிறது. அதைப் படித்துவிட்டு, வேர்டு கோப்பின் பெயரில் .docx என்பதை அழித்து .pdf என்று எழுதி அனுப்புபவர்கள் உண்டு. பெயர் மாறுமே தவிர உள்ளிருப்பது மாறாது, கோப்பும் திறக்காது. முதல் வரைவு, தட்டச்சு செய்தவர்கள் வேர்டிலிருந்தே பிடிஎஃப் ஆகச் சேமிக்க வேண்டும், அச்சிட்டு ஸ்கேன் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. நேரடியாகச் சேமித்த கோப்பு சிறியது. அதில் சொற்களைத் தேடவும் முடியும். தமிழில் எழுதுவோருக்கு ஒரு நிபந்தனையை நான் கூட்டுவேன்: ஒருங்குறி எழுத்துருவில் தட்டச்சு செய்ய வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். கோப்போடு எழுத்துரு சேராமல் போனால் ஆசிரியரின் கணினியில் ‘jkpo;’ என்றுதான் தெரியும்; அது ‘தமிழ்’ என்ற சொல்.

ஆகவே பெயருக்கும் அளவுக்கும் இரண்டாம் வரைவையும், வடிவத்துக்கு முதல் வரைவையும் எடுத்து ஒரே கடிதமாக்கும்படி எழுதிக் கொடுத்தேன். எடுத்துக்காட்டுக் கோப்புப் பெயரில் உண்மையான பதிவெண்போல ஒன்றை இட்டு, ‘உங்கள் பதிவெண்ணை இங்கே மாற்றுக’ என்று அதன் கீழேயே அச்சிடவும் சொன்னேன். RegisterNo_SubjectCode.pdf என்ற பெயரிலேயே கோப்பு வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.