முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள் வீட்டில் இருந்தால் இதைப் படியுங்கள்

என் தங்கைக்கு வயது 24. தாடையில் பரு வருகிறது என்று ஒரு தோல் கிளினிக்குக்குப் போனாள். (பெயர் சொல்லப் போவதில்லை.) முதலில் டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் பெரிதாகக் குறையவில்லை என்றதும் ஐசோட்ரெடினாயின் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார்கள். பழையதை நிறுத்தச் சொல்லவில்லை, இரண்டையும் சேர்த்தே சாப்பிடச் சொல்லிச் சீட்டில் எழுதினார்கள். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தனித்தனியாகவே இரண்டும் சிலருக்கு மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடும், சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

மூன்றாவது வாரம் தலைவலி ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும்தான் ரொம்ப இருக்கும். "அக்கா, காதுக்குள்ள உஸ் உஸ்ஸுன்னு கேக்குது, நாடி துடிக்கிற மாதிரியே" என்றாள். ஒரு நாள் குனிந்து கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தவளுக்கு நாலைந்து விநாடி கண் இருட்டிக்கொண்டு, அப்புறம் தானே சரியானது. இரத்தம் குறைவாக இருக்கும் என்று பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பார்வை மங்குகிறது என்றதும் கண்ணாடிக் கடைக்குப் போனோம், பவர் மாறியிருக்கிறது என்று புதுக் கண்ணாடி போட்டார்கள், பத்து நாளில் மறுபடியும் மாற்றினார்கள். பக்கத்து டாக்டர் ஒற்றைத் தலைவலி என்று வலி மாத்திரை கொடுத்தார். பயந்துபோய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தோம். "ஸ்கேன் நார்மல், கட்டி எதுவும் இல்லை, கல்யாணப் பேச்சு ஏதாவது நடக்கிறதா, டென்ஷனாக இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த மூன்று இடத்திலும், முதல் கிளினிக்கிலும், ஒருவர்கூட அவள் கண்ணுக்குப் பின்னால் பார்க்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

கடைசியாகப் போன கண் ஆஸ்பத்திரியிலும் போர்டில் கடைசி வரி வரை படித்துவிட்டாள். ஆனால் அந்த டாக்டர் அதோடு விடவில்லை. சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரியவைத்து உள்ளே பார்த்தார். இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு விழிக்குள் நுழைகிற வட்டம் வீங்கி, விளிம்பே தெரியவில்லையாம். அன்றைக்கே நியூரோ டாக்டரிடம் அனுப்பினார்.

அங்கே எம்.ஆர்.ஐ.யோடு மூளையின் சிரை இரத்தக் குழாய்களையும் படம் எடுத்தார்கள். அந்தக் குழாயில் இரத்தம் உறைந்திருந்தாலும் இதே மாதிரிதான் வருமாம், அதனால் அதைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்றார். கட்டியும் இல்லை, உறைவும் இல்லை. அப்புறம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரின் அழுத்தத்தை அளந்தார்கள். 250 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அதிகம் என்று கணக்கு, அவளுக்கு 360. நீர் தெளிவாக இருந்தது, கிருமி எதுவும் இல்லை.

கட்டி இல்லாமலே கட்டி இருப்பது போல அழுத்தம் ஏறுகிற இந்த நோய் இளம் பெண்களுக்கு, அதிலும் சமீபத்தில் எடை கூடியவர்களுக்குத்தான் அதிகம் வருமாம். காரணம் எதுவும் பிடிபடாதபோது இடியோபதிக் என்று பெயர் வைக்கிறார்கள். அவளுக்கும் ஒரு வருடத்தில் ஏழு கிலோ கூடியிருந்தது, ஆனால் மாத்திரைகள்தான் முக்கிய காரணமாக இருக்கும் என்றார் டாக்டர்.

இரண்டு மாத்திரையையும் அன்றே நிறுத்தினார்கள். அந்தத் தண்டுவட நீர் சுரப்பதைக் குறைக்க அசிட்டசோலமைடு கொடுத்தார்கள். விரல் நுனியெல்லாம் மரத்து ஊசி குத்துகிறது, சோடா குடித்தால் சப்பென்று இருக்கிறது என்கிறாள். அந்த மருந்துக்கு அப்படித்தான் இருக்குமாம். எடையைக் குறைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். தலைவலி ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விட்டது.

ஆனால் பார்வைப் பரப்பு என்று ஒரு சோதனை உண்டு. நேராக ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே சுற்றிலும் மின்னும் சின்ன வெளிச்சங்களைக் கவனித்துப் பட்டனை அழுத்த வேண்டும். அதில் வலது கண்ணில் மூக்குப் பக்கம், கீழ்ப்பகுதியில் ஒரு துண்டு இல்லை. போர்டு படிப்பதில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் நடுப்பார்வை கடைசியில்தான் போகும். அந்தத் துண்டு இன்னும் திரும்பவில்லை.

இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்குத் தலைவலி, காதில் நாடித் துடிப்பு, குனிந்தால் கண் இருட்டுவது, எதிரில் இருப்பது இரண்டாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் மாத்திரை கொடுத்த டாக்டரை அன்றே கூப்பிடுங்கள். கண் டாக்டரிடம் போய் "சொட்டு மருந்து விட்டு நரம்பைப் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சி.டி. நார்மல் என்ற காகிதத்தை நம்பி உட்காராதீர்கள்.

அந்தத் தோல் கிளினிக்கில் சீட்டைக் காட்டிக் கேட்டோம். "எல்லாருக்கும் இப்படித்தான் கொடுக்கிறோம், யாரும் ஒன்றும் சொன்னதில்லை" என்றார்கள். கிளம்பும்போது வரவேற்பறையில் இன்னும் நாலு பெண்கள் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.