முசுறு எறும்பா, முசுறு உருவில் வாழும் சிலந்தியா: ஒரே படத்தில் இரண்டையும் பிரித்தறிதல்

இலை மேல் நிற்கும் செம்பழுப்பு உயிர் ஒன்றை மிக அருகிலிருந்து படம் எடுத்துப் பார்க்கும்போது, அது முசுறு எறும்பா அல்லது அதன் உருவில் வாழும் குதிக்கும் சிலந்தியா என்ற ஐயம் எழலாம். முசுறு கடித்து, ஃபார்மிக் அமிலத்தையும் பீய்ச்சுவதால் பல வேட்டையாடிகள் அதை நெருங்குவதில்லை. அந்த அச்சமே சிலந்திக்கும் காப்பாகிறது.

எறும்புக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு என்ற பாடநூல் விதியைத்தான் முதலில் நாடுகிறோம். ஆனால் இந்தச் சிலந்தி முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி உணர்கொம்புகளைப் போல அசைப்பதால், படத்தில் ஆறு கால்களும் இரண்டு கொம்புகளுமே தெரியும். ஆகவே எண்ணிக்கையை விட, தூக்கிய அந்த உறுப்பின் அமைப்பைப் பார்ப்பதே நல்லது. முசுறின் உணர்கொம்பு முகத்தின் முன்பகுதியிலிருந்து புறப்படும். அதன் முதல் கணு நீளமாக இருந்து, முழங்கைபோல் ஒரே இடத்தில் மடிந்து, பிறகு சிறு கணுக்களாகத் தொடரும். சிலந்தியின் கால் உடலின் அடிப்பக்கத்திலிருந்து வரும். அதில் அந்த முழங்கை மடிப்பு இராது.

உடற்பகுதிகள் இன்னும் ஏமாற்றுபவை. எறும்பின் தலை, மார்பு, வயிறு என்ற மூன்றுக்கு எதிராகச் சிலந்திக்குத் தலைமார்பு, வயிறு என்ற இரண்டே உண்டு என்றாலும், இதன் தலைமார்பு நடுவில் குறுகியிருப்பதால் மூன்று பகுதிகளாகவே தோன்றும். எறும்பில் தலைக்கும் மார்புக்கும் இடையே உண்மையான கழுத்து மூட்டு இருக்கும். சிலந்தியிலோ ஒரே ஓட்டில் விழுந்த பள்ளம் மட்டுமே இருக்கும். குறுகிய இடை இரண்டுக்கும் உண்டு என்பதால் அதை வைத்து முடிவெடுக்க இயலாது.

என் கணிப்பில் கண்களே உறுதியான சான்று, ஆனால் முகம் நேராகத் தெரிய வேண்டும். முசுறுக்குத் தலையின் இருபுறமும் ஒவ்வொரு கூட்டுக்கண் இருக்கும். சிலந்தியின் எட்டுக் கண்களில் நான்கு முகத்தின் முன்னே வரிசையாக நிற்கும். நடுவிலுள்ள இரண்டும் மிகப் பெரியவை, ஒளிபட்டால் பளபளப்பவை. பக்கவாட்டுப் படத்தில் இந்தச் சான்று கிட்டாது. மேலும் தலையின் பக்கத்தில் சிலந்திக்கு உள்ள கரும்புள்ளி, எறும்பின் கூட்டுக்கண்ணாகவே தோன்றும்.

நான் எடுத்த படம் ஒன்றில் தலைக்கு முன்னால் இன்னொரு சிறு தலை நீண்டிருந்ததால், முசுறு ஒன்று மற்றொன்றைக் கவ்விச் செல்கிறது என்றே முதலில் எண்ணினேன். பெரிதாக்கிப் பார்த்தபோது அந்த நீட்சி தனி உடலாகப் பிரியாமல் முகத்தோடு ஒட்டியிருந்தது. அதற்கு மேலே, முகத்தில் இரு பெரிய கண்கள் மின்னின. உயர்ந்த உறுப்புகளில் முழங்கை மடிப்பு இல்லை. அது நீண்ட தாடைகளைக் கொண்ட ஆண் சிலந்தி. பெண்ணின் தாடைகள் குட்டையாதலால் இந்த அடையாளம் அதற்குப் பொருந்தாது. அதன் முகத்தை நேராகப் படம் எடுத்தே உறுதிசெய்ய வேண்டும்.