இலவச டிரையலா, விலகல் வசதியுள்ள ஒப்பந்தமா, ஆறு வாரப் பைலட்டா: தயங்குகிற பனியன் கம்பெனிக்கு எந்த மெயில்?

திருப்பூரில் எட்டு லைன் ஓட்டுகிற ஓர் எக்ஸ்போர்ட் யூனிட். நாங்கள் விற்பது தையல் லைனில் வருகிற குறைகளைச் செக்கர் டேப்லெட்டில் பதிந்ததும் சூப்பர்வைசருக்குக் காட்டுகிற மென்பொருள். டெமோ பார்த்த முதலாளி நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அப்புறம், "பாக்கலாங்க, தீபாவளி முடியட்டும்" என்றார். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வாங்கி ஏமாந்துவிட்டால் மில்லிலும் வீட்டிலும் பேச்சு வாங்குவோமே என்ற பயம்தான் அது.

அந்த நிலையில் இருப்பவருக்கு மூன்று விதமான மெயில் எழுதலாம். மூன்றையும் வெவ்வேறு கம்பெனிகளுக்கு நான் அனுப்பியிருக்கிறேன்.

முதலாவது இலவச டிரையல். "முப்பது நாள் எல்லா லைனிலும் இலவசமாக ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் பேசுவோம்." எழுதுவதும் சுலபம், சரி என்று பதில் வாங்குவதும் சுலபம். ஆனால் காசு போடாத வேலைக்கு ஃபேக்டரியில் ஆள் கிடைக்காது. எங்களுக்கு அப்படி ஒரு முறை நல்ல அடி விழுந்தது. அந்தக் கம்பெனியின் பேப்பர் ரிப்போர்ட்டில் டி.எச்.யு. ஆறு. அதாவது நூறு பீஸ் செக் பண்ணினால் ஆறு குறை. டேப்லெட் வைத்த முதல் வாரமே அது பதினொன்று ஆனது. உங்கள் சாமான் வந்த பிறகுதான் டேமேஜ் கூடியிருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

உண்மையில் குறை கூடவில்லை, பதிவுதான் கூடியது. பேப்பரில் செக்கர் மாலையில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து கோடு போடுவார். அங்கேயே ஆல்ட்டர் பண்ணிக் கொடுத்த பீஸ் கணக்கிலேயே வராது. டேப்லெட்டில் ஒரு தட்டுதான், எல்லாம் ஏறிவிடும். இது எங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் எதை எதோடு ஒப்பிடுவது என்று மெயிலில் ஒரு வரிகூட இல்லாததால், பழைய பேப்பரையும் புதிய பதிவையும் அருகருகே வைத்து அவர்களே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது ஓராண்டு ஒப்பந்தம், தொண்ணூறு நாளுக்குள் விலகினால் பணம் வாபஸ். விற்கிறவருக்கு இதுதான் பிடிக்கும், பணம் முன்பே வந்துவிடுகிறது. நண்பரின் யூனிட்டில் ஓடுவதை நேரில் பார்த்துவிட்டு வந்தவருக்கு இது போதும். தயங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது ஓராண்டுத் தொகையும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான். வாபஸ் என்ற சொல்லை யாரும் நம்புவதில்லை. பணத்தைத் திரும்ப வாங்க எத்தனை தடவை போன் பண்ண வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

மூன்றாவது, கட்டணமுள்ள சின்னப் பைலட். எட்டு லைன் முதலாளிக்கு நான் அனுப்பியது இதைத்தான். மெயில் ஆங்கிலத்தில் போனது, சாரம் இது:

> வணக்கம் சார். மூன்றாவது லைனில் மட்டும் ஆறு வாரம் ஓட்டுகிறோம். கட்டணம் 40,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். தொடர்ந்தால் இது ஆண்டுத் தொகையில் கழியும்.
>
> முதல் இரண்டு வாரம் செக்கர் பதிவு மட்டும், சூப்பர்வைசருக்கு எதுவும் காட்டாது. அதுதான் அடிப்படைக் கணக்கு. அடுத்த நான்கு வாரம் எச்சரிக்கை ஓடும். கடைசி இரண்டு வார டி.எச்.யு.வை முதல் இரண்டு வாரத்தோடு ஒப்பிடுவோம்.
>
> கணக்கில் வருவது தையல் குறை மட்டும்: ஸ்கிப் ஸ்டிட்ச், ஓபன் சீம், ஹெம் ஏற்ற இறக்கம். துணி ஓட்டை, சாய வித்தியாசம் வராது.
>
> 25 சதவீதமோ மேலோ குறைந்தால் நான்கு லைனுக்கு இணைப்பில் உள்ள விலையில் எடுத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் மறுநாளே கழற்றிக்கொள்கிறோம். இரண்டுக்கும் இடையில் நின்றால் இரண்டு வாரம் இலவச நீட்டிப்பு, ஒரே முறை.
>
> உங்கள் பக்கம் தேவைப்படுவது: ஆறு வாரமும் அதே செக்கர், அந்த லைனில் அதே ஸ்டைல், முடிவு நாளில் உங்களோடு அரை மணி நேரம்.

எழுத அதிக நேரம் பிடித்தது அளவுகோலுக்குத்தான். முதலாளி முதலில் கேட்டது லைன் எஃபிஷியன்சி எவ்வளவு ஏறும் என்று. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டைல் மாறிய முதல் சில நாள் எஃபிஷியன்சி தானாக விழும், கை பழகியதும் தானாக ஏறும். அந்த ஏற்றத்தை எங்கள் சாதனை என்று காட்டியிருக்கலாம். உள்ளே இருக்கும் புரொடக்‌ஷன் மேனேஜர் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவார், அதோடு பேச்சு முடிந்தது. பழக்கத்தால் தையல் குறையும் கொஞ்சம் இறங்கும்தான். அதனால் ஸ்டைல் ஏறி பத்து நாள் ஆன லைனாகப் பார்த்து எடுத்தோம்.

"டி.எச்.யு. எட்டிலிருந்து ஆறுக்கு வரும்னு போட்டுக் குடுங்க" என்றும் கேட்டார். அந்த எட்டு, அவர்கள் பேப்பர் ரிப்போர்ட்டில் இருந்த எட்டு. உண்மையான அடிப்படை தெரியாமல் நேர் எண் கொடுத்தால் பழைய கதைதான். அதனால்தான் சதவீதம்.

தொடக்க நாளும் ஓர் இழுபறி. தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பீகார் ஆட்கள் சத் பூஜை முடித்துத்தான் திரும்புவார்கள். அதனால் தேதி போடாமல், லைனில் இருக்கும் 36 டெய்லரில் 30 பேர் வந்து சேர்ந்த முதல் திங்கள் என்று எழுதினேன். பாதி லைனில் ஆரம்பித்திருந்தால் அடிப்படைக் கணக்கே கோணலாகியிருக்கும்.

அடிப்படை 10.5 என்று வந்தது. எட்டு என்று நம்பியவர் முகம் சுருங்கியது, ஆனால் எங்கள் மேல் பழி வரவில்லை, ஏனென்றால் அந்த இரண்டு வாரமும் எச்சரிக்கை ஓடவில்லை என்று எழுத்தில் இருந்தது. ஆறாவது வார முடிவில் 8.4. கழித்துப் பார்த்தால் சரியாக 20 சதவீதம், நடுவில் போய் மாட்டிக்கொண்டது. அந்த நீட்டிப்பு வரி இல்லாவிட்டால் நான் ஜெயித்தேன் என்பேன், அவர் இல்லை என்பார். தேங்கி நின்ற இடம் ஒரு பிளாட்லாக் மெஷின். எச்சரிக்கை வந்தும் மெக்கானிக் வர அரை நாள் ஆகிக்கொண்டிருந்தது. நீட்டித்த இரண்டு வாரத்தில் எச்சரிக்கையை மெக்கானிக் போனுக்கும் திருப்பிவிட்டோம். 7.6க்கு வந்தது. 25 சதவீத எல்லையான 7.9க்குக் கொஞ்சம் கீழே.

இந்த மெயிலுக்கும் குறை உண்டு. கட்டணம் கேட்டதாலேயே பதில் வராமல் போன கம்பெனிகள் இருக்கின்றன. ஒரே லைன், ஒரே செக்கர் என்பதால், அந்தச் செக்கர் வேலையை விட்டுப் போனால் கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மெஷின் பக்கமே போகாத, ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடுகிற மென்பொருள் என்றால் இவ்வளவு கட்டு தேவையில்லை, இலவச டிரையலே போதும்.

முதலாளி இணைப்பில் இருந்த விலையைத் திறந்து பார்த்து, கொஞ்சம் குறைக்கச் சொன்னார். 40,000 ஏற்கெனவே கழிந்துவிட்டதைக் காட்டினேன். நான்கு லைனுக்குக் கையெழுத்துப் போட்டார். மீதி நான்குக்கு, "பொங்கல் முடியட்டுங்க" என்றார்.