கச்சான் காலத்தில் பயோஃபில்டர்: கொம்போஸ்ட் நிலையத்தில் சில வருட அனுபவம்

நாற்றக் காற்றை நுண்ணுயிர் வாழும் படுக்கைக்குள்ளால் ஊதி மணம் போக்குவதுதான் பயோஃபில்டர். எங்களுடையதின் படுக்கையிலிருந்த மரச்சிப்பையும் தென்னம்பொச்சையும் அள்ளிப் புதிதாய் நிரப்பி முடித்த கையோடு எழுதுகிறேன். மட்டக்களப்பில் இதே வேலையில் இருக்கும் நண்பர் "பயோஃபில்டர் வாங்கலாமோ?" என்று கேட்டிருந்தார்.

எங்கள் நிலையம் திருகோணமலையின் ஓரத்தில் இருக்கிறது, வேலிக்கு அப்பால் வீடுகள். குப்பை கொட்டும் கொட்டகையின் காற்றை மணிக்கு 3000 கனமீட்டர் வீதம் ஃபேன் இழுத்து, 30 சதுர மீட்டர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள படுக்கைக்கு அடியில் ஊதும். கணக்குப்படி காற்று அதற்குள் 36 விநாடி நிற்கும். அழுகல் மணத்தை நுண்ணுயிர்கள் தின்ன அது போதும். மாரியில் மேலே நின்றால் காட்டு மண் வாசம்தான் வரும். அந்த மாதங்களில் இதைவிட நல்ல சாமானை நான் கண்டதில்லை.

கோபமெல்லாம் கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான். கொட்டகைக்குள் வரும் வெளிக்காற்றே காய்ந்தும் சூடாகவும் இருக்கும். அதை அடியில் ஊதினால் படுக்கை கீழிருந்து காயும். விற்றவர்கள் தந்ததோ மேலே தண்ணீர் தெளிக்கும் குழாய்! மேற்பரப்பு ஈரமாய்த் தெரிய, இரண்டடி தோண்டினால் சிப்பு சருகு மாதிரி நொறுங்கும். காய்ந்த இடத்தில் நுண்ணுயிர் வேலை செய்யாது. சிப்பு சுருங்கிச் சுவரோரம் வெடிப்பும் விடும், காற்று அந்த வழியே சுத்தமாகாமல் போய்விடும். காற்று அடங்கிய இரவுகளில் மணம் தரையோடு கிடக்கும். பக்கத்து வீட்டு அக்கா வேலியடியில் வந்து நின்று, "தம்பி, பிள்ளையள் சாப்பிட மாட்டினமாம்" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். படுக்கைக்கு அடியில் காற்று போகும் குழாயில், தண்ணீர் நிரப்பிய U வடிவ பிளாஸ்டிக் குழாயை மாட்டி வைத்திருக்கிறோம். ஃபேன் அதே வேகத்தில் ஓட, அதன் இரு பக்கத் தண்ணீர் மட்ட வித்தியாசம் குறைந்தால் எங்கோ வெடிப்பு. கூடினால் சிப்பு மக்கி இறுகிவிட்டது, மாற்றும் காலம் வந்துவிட்டது. அப்புறம் அடிச்சிப்பை ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். உள்ளங்கை நனைந்து ஓரிரு துளி விழுந்தால் சரி. ஒழுகினால் தண்ணீர் அதிகம், காற்றுப் போக இடமில்லாமல் படுக்கையே புளித்து நாறும்.

தீர்வு காற்றை முன்னமே நனைப்பதுதான். ஃபேனுக்கும் படுக்கைக்கும் நடுவில் மெல்லிய தூறல் அடிக்கும் ஒரு அறை கட்டினோம். காற்று அதற்குள்ளால் போய்க் கிட்டத்தட்ட முழு ஈரத்தோடு அடிக்குப் போகிறது. அதன் பின் வந்த கச்சானில் அடிச்சிப்பு காயவில்லை. கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு தூறல்வாயை அடிக்கடி அடைக்கிறது, கழற்றி வினாகிரியில் ஊறவைக்க வேண்டும். இன்னொன்று, கொட்டகைக் கதவைத் திறந்து போட்டால் மணம் ஃபேனுக்குப் போகாமல் நேரே வீடுகளுக்குத்தான் போகும். லொறி வரும்போது மட்டும் திறக்கிறோம்.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: ஈரமாக்கும் அறையை விலைப்பத்திரத்தில் சேர்க்காதவர்களிடம் வாங்கவே வேண்டாம், பாதி விலைக்குத் தந்தாலும்.